ஏழாம் எண் விரல்

பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்களில் தானும் ஒருத்தி என்று ஃபெலிசியா சொல்லிக்கொள்வாள். செனாயில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் அவளுக்கு வேலை. விரலில் மாட்டினால் நாடித்துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனையும் காட்டுகிற சின்னக் கருவியை அங்கே செய்கிறார்கள். அந்தக் கருவிக்குள் இருக்கும் போர்டுக்கும், போர்டில் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற நிரலுக்கும் நாள் முழுக்கப் பொய் சொல்வதுதான் அவள் பொறுப்பு.

பொய் எப்படி என்றால், கருவி தன் வேலையைச் செய்ய ஒரு விரல் வேண்டும். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு வெளிச்சத்தையும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சத்தையும் அது மாற்றி மாற்றி அடிக்கும். மறுபக்கத்தில் உள்ள சென்சார், எவ்வளவு வெளிச்சம் தாண்டி வந்தது என்று அளக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாய்கிறபோது வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். ஃபெலிசியாவின் மேஜையில் விரலும் கிடையாது, சென்சாரும் கிடையாது. போர்டு மட்டும் அசல். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பி, அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு கணினிப் பெட்டி. போர்டு எப்போது சிவப்பைக் கேட்கிறது, எப்போது மற்றதைக் கேட்கிறது என்று பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். கேட்ட மாத்திரத்தில் அதற்கேற்ற துளி மின்சாரத்தை அனுப்பும். போர்டு அதை நம்பிவிடும். தன்மேல் யாரோ விரலை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கும். பொத்தானை அமுக்கவும் பேட்டரியை வற்றச் செய்யவும் எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்கவும் தனித்தனிக் கம்பிகள். எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும் ‘ரிக்’ என்று பெயர்.

ரிக்கைச் செய்தவர் முஸ்தபா. அலுமினியச் சட்டத்தை வெட்டி, போர்டைத் தொடுகிற ஊசிகளை வைத்து, ஒவ்வொரு கம்பியையும் பற்றவைத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று மஞ்சள் நாடாவில் எழுதி ஒட்டியவர் அவர்தான். பதவி டெக்னீஷியன். மற்றபடி அந்த மாடியில் எது பழுதானாலும், ஏர்கான் முதல் காப்பி மெஷின் வரை, எல்லோரும் போய் நிற்பது அவர் முன்னால்தான். பெரிய மேலதிகாரிகளிடம்கூட, “இத யாரு இப்படிப் புடுங்கினது, நீங்களா?” என்று நேராகக் கேட்கக்கூடியவர். சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு மட்டும் அவரிடம் எப்போதும் அடுத்த மாதம்தான் வசதிப்படும்.

ஃபெலிசியா ரெங்கத்துக்காரி. அப்பா எஸ்டேட் லாரி ஓட்டினார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஆறு வருஷம் விடியற்காலையில் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி வேலைக்குப் போனாள். ஒரு நாள் எல்லையில் மோட்டார் சைக்கிள் வரிசையில் மழையில் நின்றபடியே, போதும் என்று முடிவுசெய்து செனாய்க்கு வந்துவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், “நேரம் கெடைக்கல லா” என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். கூலாயில் வாடகை வீடு. அதே கூலாயில் நாலு தெரு தள்ளி முஸ்தபாவின் வீடு. பெருநாள் என்றால் அவள் அங்கே. கிறிஸ்துமஸ் என்றால் முஸ்தபாவும் அவர் மனைவி ஜொஹராவும் இவள் வீட்டில். பிள்ளைகள் இல்லாத முஸ்தபாவின் வீட்டில், ஜொஹரா அவளைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். பதிலுக்குக் காத்திராமல் தட்டு வந்துவிடும். நாற்பத்து மூன்று வயதில் ஃபெலிசியாவுக்குப் போக ஒரு வீடு இருந்தது என்றால் அது அந்த ஒன்றுதான். அதை இழக்கிற பயம்தான் இந்தக் கதை முழுக்க அவளை அலைக்கழித்தது.

மூன்று வருஷங்களுக்கு முன்னால், நோன்பு மாதத்தில் நடந்தது.

கணினி உண்டாக்குகிற துடிப்பு ரொம்பச் சுத்தமாக இருக்கும். நிஜ மனுஷனின் துடிப்பு அப்படி இருக்காது. மூச்சு இழுத்தால் மாறும், தும்மினால் மாறும். ஆகவே பொய்யிலும் கொஞ்சம் உண்மை கலக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தொழிற்சாலையிலேயே நல்ல ஆரோக்கியமாக உள்ள பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் விரல் சமிக்ஞையைப் பதிவுசெய்து, அதை ரிக் வழியாகப் போர்டுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது திட்டம். ஆரோக்கியமானவர்கள் என்பதற்கு அவரவர் வாய்ச்சொல்தான் சாட்சி. பதினோரு பேர் கிடைத்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. முஸ்தபா வந்து உட்கார்ந்தார்.

“நோன்பு வச்சிருக்கீங்களே அண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்,” என்றாள்.

“சும்மா உக்கார்றதுக்குத் தெம்பு வேணுமா என்ன? மாட்டு.”

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நலமான தன்னார்வலர், எண் ஏழு. மாலை நாலு மணிக்கு ஏர்கான் சில்லிட்டுக்கொண்டிருந்த அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பன்னிரண்டு பதிவுகளையும் ஓட்டினாள். ஒவ்வொன்றிலும் எதிர்பார்ப்பு ஒன்றே: மஞ்சள் விளக்கு எரியக் கூடாது. துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி தாறுமாறாக இருந்து, அது நாலு நிமிடம் நீடித்தால், ‘துடிப்பு ஒழுங்காக இல்லை, மருத்துவரைப் பாருங்கள்’ என்று சொல்வதற்காக வைத்த விளக்கு அது. பதினோரு பதிவுகளில் எரியவில்லை. ஏழாம் எண்ணில் எரிந்தது. அறிக்கையில் பதினோரு பச்சை, ஒரு சிவப்பு; பச்சை என்றால் தேறியது, சிவப்பு என்றால் தவறியது.

சோதனை செய்கிறவர்களுக்குப் பச்சையின்மேல் ஒரு பித்து உண்டு. சிவப்பு வந்துவிட்டால் அவர்கள் முதலில் சந்தேகப்படுவது போர்டை அல்ல, தங்கள் சொந்தப் பொய்யைத்தான். கம்பி தளர்ந்திருக்கும், பதிவு கெட்டிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அதுதான் உண்மை என்பதால் அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிடும். ஃபெலிசியா பதிவைத் திறந்து பார்த்தாள். முப்பத்தேழாவது நிமிடத்தில் அலைகள் குழம்பின. ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பதினோரு நிமிடம் அப்படியே போய், பிறகு தானாகவே சரியாகிவிட்டது.

ஃபர்ம்வேர் எழுதுகிற யுகேந்திரன் எட்டிப் பார்த்தான். இருபத்தொன்பது வயது, மெர்சிங் ஊர்ப் பையன், எதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்வான். “அக்கா, ஒருவேள அவருக்கு நெஜமாவே அப்படி இருந்தா?”

“அவருக்கா? காலையில தனி ஆளா கம்ப்ரஸர நகத்தி வச்சாரு. நோன்பு, தண்ணி குடிக்கல, ரூம் வேற ஐஸ் மாதிரி இருந்திச்சு. வெரல் குளிர்ந்து போயிருக்கும். கைய ஆட்டியிருப்பாரு.”

யுகேந்திரன் சரி என்று போய்விட்டான். அவள் அந்தப் பதினோரு நிமிடத்தை வெட்டி எடுத்தாள். இரண்டு முனைகளையும் தையல் தெரியாமல் ஒட்டினாள். காரணம் என்ற கட்டத்தில், ‘குளிர்ந்த விரல், கை அசைவு’ என்று எழுதினாள். மறுபடி ஓட்டினாள். பன்னிரண்டும் பச்சை. கம்பி உருளையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன முஸ்தபா, “என்ன தங்கச்சி, நம்ம நாடி எப்படி?” என்றார்.

“தங்கமான நாடி அண்ணே. இனிமே ரிக்ல உங்க நாடிதான் மாதிரி. உங்களப் பாத்துத்தான் போர்டு நல்ல நெஞ்சு எதுன்னு கத்துக்கும்,” என்றாள்.

சிரித்துக்கொண்டே போனார். அந்த வார்த்தை அவளுக்கு அன்றே மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஃபர்ம்வேரை மாற்றும்போதும் ஏழாம் எண் ரிக்கில் ஓடியது. எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை. எப்போதும் பச்சை.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முஸ்தபா குளியலறையில் விழுந்தார். வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. அரசு மருத்துவமனையில் ஃபெலிசியா போய்ச் சேர்ந்தபோது ஜொஹரா வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்பு.

“மூளையில ரத்தக்கட்டியாம் ஃபெலிசியா. டாக்டர் சொல்றாரு, நெஞ்சு ஒழுங்கா துடிக்கலையாம், அப்பப்ப தாறுமாறா ஓடுமாம், அப்புறம் தானே சரியாயிடுமாம். அப்படி ஓடுறப்ப உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாகி மேல போயிடுமாம். ரொம்ப நாளா இருந்திருக்கலாம்னு சொல்றாரு. தெரிஞ்சிருந்தா ரத்தம் கட்டாம மாத்திர குடுத்திருப்பாங்களாம். யாருக்கு லா தெரியும்?”

யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்குப் பதில் தன் மேஜைக்கு அடியில், ஒரு கணினியின் வட்டில் இருக்கிறது என்று அந்த நொடியே ஃபெலிசியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஜொஹராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் ரிக்கின் முன் உட்கார்ந்தாள். வெட்டிய பதிவுதான் சோதனையில் ஓடுகிறது. வெட்டாத மூலத்தை அழிக்கக் கூடாது என்பது விதி, அதனால் அது இருந்தது. எடுத்து ஓட்டினாள். நாற்பத்தோராவது நிமிடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுபடி ஓட்டினாள். எரிந்தது.

பதிவின்போது விரல் சமிக்ஞையோடு சேர்த்து, கை அசைகிறதா என்று காட்டும் இன்னொரு சென்சாரின் வரியும் பதிவாகியிருந்தது. அன்றைக்கு அவள் அதைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். முப்பத்தேழு முதல் நாற்பத்தெட்டு வரை வரி மட்டமாகக் கிடந்தது. கை ஆடவே இல்லை. ஆடாமல் இருங்கள் என்று பதிவின்போது அவள் சொன்னபடியே, மனுஷர் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். குளிர்ந்த விரலா? குளிர்ந்தால் அலை சின்னதாகும், அவ்வளவுதான். துடிக்கிற நேரத்தைக் குளிர் தவறவைக்காது. இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போர்டு அன்றைக்கே உண்மையைச் சொன்னது. அவள்தான் அதன் வாயை அடைத்தாள்.

ஐந்தாம் நாள் முஸ்தபா போய்விட்டார். நடுவில் நாலு நாட்கள் இருந்தன. அந்த நாலு நாளும் அவள் மருத்துவமனைக்குப் போனாள், ஜொஹராவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்துவிட்டாள், அதுதான் நிஜம். அடக்கத்துக்குப் பிறகும் அப்படியேதான். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் ஜொஹரா உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது. ஃபெலிசியா சனிக்கிழமை தோறும் சந்தைச் சாமான் வாங்கிக்கொண்டு போனாள். சாப்பிட்டாயா என்ற கேள்வி அப்போதும் வந்தது. அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை விழுங்குவது அவளுக்கு நரகமாக இருந்தது.

இப்படியே காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருப்பாளோ என்னவோ. ஃபர்ம்வேரின் புது வெளியீடு வந்து அவளை அப்படி விடவில்லை.

மஞ்சள் விளக்கு சும்மாச் சும்மா எரிகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்திருந்தார்கள். சமைக்கும்போது எரிகிறது, துணி காயப்போடும்போது எரிகிறது. மேலிடத்தில் கூடிப் பேசி, நாலு நிமிடம் என்பதைப் பதினைந்து நிமிடம் என்று மாற்றச் சொன்னார்கள். யுகேந்திரன் மாற்றினான். ரிக்கில் எல்லாம் பச்சை. ஒழுங்கற்ற துடிப்புக்கென்று ஒரு சோதனை இருக்கத்தான் செய்தது. கணினி செய்த போலித் துடிப்பு, முதல் நொடியிலிருந்து கடைசி வரை அரை மணி நேரம் தாறுமாறாக ஓடும். பதினைந்து நிமிடம் என்ன, இருபது வைத்தாலும் அதில் விளக்கு எரியும்.

ஃபெலிசியா யாரிடமும் சொல்லாமல், ஏழாம் எண்ணின் மூலத்தைப் புது ஃபர்ம்வேரில் ஓட்டினாள். முப்பத்தேழாவது நிமிடம் வந்தது. அலை குழம்பியது. போர்டு எண்ணிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிடம் முடிந்து அலை சீராயிற்று. விளக்கு எரியவே இல்லை.

மூன்று வாரத்தில் இது வெளியே போகப்போகிறது. முஸ்தபாவைப்போல வந்து வந்து போகிற நெஞ்சுக்காரர்கள் எத்தனை பேர் இதை விரலில் மாட்டிக்கொண்டு, விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கப்போகிறார்களோ. யுகேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு நான் கேட்டேனே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“பதினோரு நிமிஷத்துக்கு ஒரு போலித் துடிப்பு நாமளே செஞ்சு போட்டா என்னக்கா? அவரு பதிவு வேணாமே,” என்றான், அவளைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

“போடலாம். விளக்கு எரியாது. அதுக்கு என்ன சொல்வாங்க? பதினஞ்சுன்னுதான எழுதியிருக்கு, பதினொண்ணுக்கு எரியலன்னா சரிதானன்னு பச்சை போட்டுடுவாங்க. நாம செஞ்ச போலி, எழுதினபடி நடக்குதான்னு மட்டுந்தான் காட்டும். எழுதினதே தப்புன்னு காட்ட நெஜ ஆளு வேணும் யுகேன். நோய் இருந்திச்சுன்னு டாக்டர் சொன்ன ஆளு.”

தரப் பிரிவுத் தலைவி சாந்தினியிடம் போனாள். சாந்தினி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. முஸ்தபா கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். “இதுல நலமான தன்னார்வலர்னு இருக்கு. இப்ப நோயாளின்னு வகை மாறுது. அவங்க வீட்டு ஆள் கையெழுத்து இல்லாம ஓட்ட முடியாது. ஏன் மாறுதுன்னும் அவங்களுக்குச் சொல்லணும், அது விதி. ஆஃபீஸ்லருந்து யாரையாச்சும் அனுப்பட்டுமா?”

“இத்தாவுல இருக்காங்க. ஆம்பளைங்க போய் நிக்கக் கூடாது. நானே போறேன்.”

சனிக்கிழமை மத்தியானம் வழக்கமான சாமான் பையோடு போனாள். ஜொஹரா வெள்ளைத் துணியில் இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். “சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உக்காருங்க. தட்டு எடுக்காதீங்க. முதல்ல நான் சொல்றத கேளுங்க.”

சொன்னாள். நோன்பு மாதம், ஏர்கான் அறை, பதினோரு நிமிடம், மஞ்சள் விளக்கு. வெட்டியது, ஒட்டியது, காரணம் என்ற கட்டத்தில் எழுதியது. கை அசையவில்லை என்பதை மூன்று வருஷம் கழித்துப் பார்த்தது. அவர் உயிரோடு இருந்த நாலு நாளும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை இனி ஓட்ட ஜொஹராவின் கையெழுத்தோடு ஒரு காகிதம் வேண்டும் என்பது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை, அழவும் இல்லை. அழுதால் ஜொஹரா தன்னைத் தேற்ற வந்துவிடுவாள் என்று தெரியும். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை.

ஜொஹரா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது என்று ஃபெலிசியா நினைத்தாள். எல்லாம் புரிந்திருந்தது.

“போன வருஷம் ரெண்டு தடவ சொன்னாரு, நெஞ்சு படபடன்னு வருதுன்னு. கிளினிக் போலாம் வாங்கன்னு சட்டைய எடுத்துக் குடுத்தேன். போட மாட்டேன்னுட்டாரு. ‘அட போடி, ஃபெலிசியா மெஷின்ல ஏத்திப் பாத்தாச்சு, என் நாடிய வச்சுத்தான் நல்ல நாடி எதுன்னு மெஷினுக்கே சொல்லிக் குடுக்குறாங்க, எனக்குக் கிளினிக் எதுக்கு’ன்னாரு. பெருமையா சொல்வாரு, வர்றவங்க கிட்டல்லாம்.” ஜொஹராவின் குரல் உயரவில்லை. “நீ படிச்சவ, நீ பாத்திருக்கேன்னு நானும் விட்டுட்டேன்.”

வெட்டியதுதான் தன் குற்றம் என்று இத்தனை நாள் ஃபெலிசியா நினைத்திருந்தாள். தான் விளையாட்டாகச் சொல்லி மறந்த ஒரு வார்த்தையை ஒரு மனுஷர் மூன்று வருஷம் மருந்துபோல வைத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. இதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது? கேட்டாள். வார்த்தை அரைகுறையாக வந்தது.

ஜொஹரா நிமிர்ந்து பார்த்தாள். “காகிதம்னியே, எது?” என்றாள்.

ஃபெலிசியா எடுத்து வைத்தாள். மலாயிலும் தமிழிலும் எழுதியிருந்தது. ஜொஹரா தமிழை விரல் வைத்து வாசித்தாள்.

“இதப் போட்டா என்ன ஆகும்?”

“அவரோட அந்தப் பதினோரு நிமிஷம் முழுசா ரிக்ல ஓடும். விளக்கு எரிஞ்சாத்தான் சரின்னு வைப்போம். எரியலன்னா கருவி வெளிய போகாது. இனிமே எப்ப மாத்தினாலும் அப்படித்தான்.”

“அவரு பேரு இருக்குமா?”

“இல்லக்கா. நம்பர் மட்டுந்தான்.”

“வெட்டினது நீன்னு?”

“அது இருக்கும். என் பேரு போட்டு எழுதிக் குடுத்துட்டேன்.”

ஜொஹரா கையெழுத்துப் போட்டாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக. போட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை உருட்டினார்கள்.

“அந்தப் பதினோரு நிமிஷம்,” என்றாள், “நீ பக்கத்துலதான இருந்த?”

“ஆமாக்கா.”

“சும்மா இருக்கற மனுஷன் இல்லையே. ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு உக்காந்திருக்க மாட்டாரே. என்ன பேசிட்டிருந்தாரு?”

ஃபெலிசியா யோசித்தாள். பேசினார், பேசிக்கொண்டேதான் இருந்தார். அந்தக் குரல் அந்த அறையில் இருந்தது நினைவிருக்கிறது. முப்பத்தேழாவது நிமிடத்தின் ஒவ்வொரு அலையும், இடைவெளி எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரியும். அவர் சொன்னது ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை. அவள் கண் திரையில் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், உங்களைப் பற்றித்தான் பேசினார் என்றால்கூடப் போதும், இந்த அம்மாளுக்கு அது ஆயுசுக்கும் ஆகும் என்று தோன்றியது. வாய்வரை வந்தது.

“தெரியலக்கா,” என்றாள். “நான் கவனிக்கல.”

ஜொஹரா காகிதத்தை நீட்டினாள். ஃபெலிசியா வாங்கிக்கொண்டாள். வாசல்வரை வருகிற வழக்கமுள்ளவள் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

“சாமான வெளியிலேயே வச்சிட்டுப் போ,” என்றாள். “அடுத்த வாரம் வராத. தங்காக்லருந்து என் தங்கச்சி வர்றா, அவ பாத்துக்குவா.”

சரி அக்கா என்று சொல்லிவிட்டு ஃபெலிசியா செருப்பை மாட்டிக்கொண்டாள். வெங்காயமும் மீனும் இருந்த பையைப் படியில் வைத்தாள். மீன் வெயிலில் கெட்டுவிடும், எடுத்து உள்ளே வையுங்கள் என்று சொல்ல நினைத்தாள். உள்ளேயிருந்து கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.